வரிசையில் நிற்கும் மெயிலைத் தள்ளிவிடலாமா?

ஈசூன் மாணவன் | 10 மே 2025, இரவு 9:20

பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் வைத்து, முதல்முறையாக ஒரு மெயில் சர்வர் கட்டியிருக்கிறேன். பல்துறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு. இது பாடத்துக்காக இல்லை, என் ஆசைக்காக.

முதல் மெயில் பாட்டியுடையது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து, கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். மாமாவும் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறார். ஆனால் மெயில் இன்னும் போகவில்லை. இப்படி நிற்கிறது:

```
4F1C22A0B3   2148 Sat May 10 21:14:07  naan@example.net
(host mx.example.org[192.0.2.25] said: 450 4.2.0 <mama@example.org>:
 Recipient address rejected: Greylisted)
```

`postqueue -f` மூன்று தடவை கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இதே பதில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி "போயிருச்சா, போயிருச்சா" என்கிறார். தடுத்துவிட்டார்களா? இன்னும் எத்தனை தடவை தள்ள வேண்டும்? சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், வந்து பார்க்கிறேன்.

கோப்பி ஓ கோசோங் | 10 மே, இரவு 9:31

Rejected என்று எழுதியிருக்கிறதே தம்பி, அப்புறம் என்ன. வீட்டு இணைப்பின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கும். மெயில் அனுப்புவதற்கென்றே மாதச் சந்தா வாங்கிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

ஈசூன் மாணவன் | 10 மே, இரவு 9:52

போய்விட்டது! சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வரிசை காலி. பதிவில் 21:26:20-க்கு `status=sent`. நான் எதையும் தொடவில்லை. பாட்டிக்குச் சொன்னேன், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

ஆனால் ஏன் போனது என்றுதான் புரியவில்லை. தள்ளியபோது போகாதது, சாப்பிடப் போனபோது எப்படிப் போனது?

நள்ளிரவுக் காவல் | 10 மே, இரவு 11:48

இப்போதுதான் வேலைக்கு வந்தேன். தம்பி, அந்த வரியில் Rejected என்ற சொல்லை விடுங்கள், முதல் எண்ணைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் "பிறகு வா" என்று அர்த்தம். 5-இல் தொடங்கினால் "வராதே".

மாமாவின் சர்வரில் கிரேலிஸ்டிங் இருக்கிறது. முன்பின் தெரியாத ஐபி, அனுப்புநர், பெறுநர் மூன்றும் சேர்ந்து முதல்முறை வந்தால், குறித்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பும். அதைச் செய்யும் நிரல் போஸ்ட்கிரே என்றால் இயல்பாக 300 நொடி காக்க வைக்கும். அதற்குள் எத்தனை தடவை வந்தாலும் அதே பதில்தான், அது கழிந்து வந்தால் கதவைத் திறக்கும். எரிதம் அனுப்புகிற நிரல்களில் பல, ஒரு தடவை தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. ஒழுங்கான சர்வர் திரும்பி வரும். மாமா உங்களைத் தடுக்கவில்லை, திரும்பி வருகிற ஆள்தானா என்று பார்த்திருக்கிறார்.

உங்கள் சர்வர் திரும்பிப் போயிருக்கிறது. அதன் வேலையே அதுதான்.

ஈசூன் மாணவன் | 11 மே, காலை 10:15

இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். முதல் முயற்சி 21:14:07. மாமாவின் 300 நொடி 21:19:07-க்கு முடிந்துவிட்டது. பிறகு ஏன் 21:26 வரை ஆனது? நான் தட்டும்போதெல்லாம் மாமாவின் சர்வர் 300 நொடியை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியதா?

நள்ளிரவுக் காவல் | 11 மே, காலை 11:02

இல்லை. போஸ்ட்கிரே முதல் தடவை பார்த்த நேரத்தைத்தான் வைத்திருக்கும். தாமதம் உங்கள் பக்கம். கடைசியாக எத்தனை மணிக்குத் தள்ளினீர்கள் என்று பதிவில் பாருங்கள், அப்புறம் `minimal_backoff_time` என்னவென்று பாருங்கள்.

ஈசூன் மாணவன் | 11 மே, மதியம் 1:30

பார்த்துவிட்டேன். தாளில் எழுதிப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலைத் தர முடியாமல் திரும்பினால், குறைந்தது 300 நொடி அதைத் தொடாது. தள்ளிப்போட்ட மெயில்கள் கிடக்கும் வரிசையையும் 300 நொடிக்கு ஒருமுறைதான் புரட்டிப் பார்க்கும். என் சர்வர் அன்றிரவு 21:21:20-க்கும், அடுத்து 21:26:20-க்கும் புரட்டியிருக்கிறது.

நான் கையை வைக்காமல் இருந்திருந்தால், 21:14:07 உடன் 300 நொடி, அதாவது 21:19:07-க்கு மெயில் தயார். 21:21:20-க்குப் புரட்டும்போது எடுத்துக்கொண்டு போயிருக்கும். மாமா பக்கமும் அப்போது கதவு திறந்துவிட்டது.

ஆனால் நான் 21:15-க்குத் தள்ளினேன், 21:16-க்குத் தள்ளினேன், கடைசியாக 21:18:50-க்கு. மாமாவின் கதவு திறக்க இன்னும் 17 நொடிதான் பாக்கி. அந்த முயற்சியும் தோற்றதால் என் சர்வர் அங்கிருந்து இன்னொரு 300 நொடி எண்ணியது. 21:23:50 வரை தொடக்கூடாது. அதனால் 21:21:20-க்குப் புரட்டும்போது விட்டுவிட்டு, 21:26:20-க்குத்தான் எடுத்தது.

வேகமாகப் போகட்டும் என்று செய்ததே 5 நிமிடம் தாமதமாக்கியிருக்கிறது. 5 நிமிடம் பெரிதில்லை. ஆனால் "தள்ளினால் பயன் இருக்காது, அவ்வளவுதானே" என்று நினைத்திருந்தேன். தள்ளியது கெடுதலே செய்திருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

கோப்பி ஓ கோசோங் | 11 மே, மதியம் 2:05

கணக்கு சரி. நான் Rejected என்பதைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் விஷயத்தை விடமாட்டேன். உங்கள் மாமா பட்டியல் பார்க்காமல் விட்டிருக்கலாம், எல்லோரும் அப்படி விடமாட்டார்கள். வேறு யாருக்காவது அனுப்பிப் பாருங்கள்.

அங் மோ கியோ அம்மா | 11 மே, மாலை 4:40

என் மகனுடைய பழைய லேப்டாப்பும் இப்படித்தான் மெதுவாக இருக்கிறது, மெயில் திறக்கவே 5 நிமிடம் ஆகிறது. டெபியன் போட்டால் வேகமாகிவிடுமா? சிம் லிம் சதுக்கத்தில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.

ஈசூன் மாணவன் | 11 மே, மாலை 5:10

அம்மா, இது வேறு விஷயம். என் லேப்டாப் மெதுவாக இல்லை, வேண்டுமென்றே காத்திருந்தது. உங்களுடையதில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் நல்ல மாற்றம் தெரியும். எனக்கு அதில்தான் உயிர் வந்தது.

ஓய்வுபெற்ற கிராணி | 11 மே, இரவு 8:25

இதைப் படித்ததும் 1990-களில் ராபின்சன் ரோட்டில் வேலை பார்த்த அலுவலகம் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு மோடம். காலை 11, மதியம் 3, மாலை 6, ஒரு நாளைக்கு மூன்றே தடவைதான் தொலைபேசியில் தொடர்பு எடுத்து, சேர்ந்த மெயிலையெல்லாம் அனுப்பி, வந்ததை இறக்கும். 6 மணியைத் தவறவிட்டால் மறுநாள் காலைதான். அவசரம் என்றால் தொலைநகல். நாங்கள் கடிதம் எழுதிய முறையே வேறு. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு தடவை படித்துப் பார்த்து எழுதுவோம். "சரி", "ஓகே" என்று ஒரு சொல் மெயில் யாரும் போட்டதில்லை.

ஈசூன் மாணவன் | 12 மே, காலை 9:00

ஐயா எழுதியதைப் படித்தபின் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இதற்கு முந்தின நாளும் இதே தவறைச் செய்திருக்கிறேன், அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, டிஎன்எஸ்ஸில் `mail.example.net` என்ற பெயரைச் சேர்ப்பதற்கு முன்பே "வந்துவிட்டதா" என்று `dig` கொடுத்துப் பார்த்தேன். மணி 9:58. இல்லை என்றது. 10:05-க்குப் பெயரைச் சேர்த்தேன். அதன்பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தேன், 10:58 வரை இல்லை என்றே வந்தது. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை பதிவை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

நேற்றுப் படித்துத் தெரிந்துகொண்டேன். நமக்காகப் பெயரைத் தேடித் தரும் ரிசால்வர், "இல்லை" என்ற பதிலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் என்பது நம் டொமைனின் எஸ்ஓஏ பதிவில் இருக்கிறது, என்னுடையதில் 3600 நொடி. இல்லாத பெயரை 9:58-க்கு நானே போய்க் கேட்டு, அந்த "இல்லை"யை ஒரு மணி நேரத்துக்கு நானே பதிய வைத்திருக்கிறேன். கேட்காமல் இருந்திருந்தால் 10:05-க்கே கிடைத்திருக்கும்.

கோப்பி ஓ கோசோங் | 12 மே, காலை 9:40

நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டதும் தப்பு. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்த ஒரு மணி நேரம் முதலிலிருந்து தொடங்கும்.

நள்ளிரவுக் காவல் | 12 மே, காலை 10:20

அது இல்லை. அப்படியென்றால் 10:58-க்கு வந்தே இருக்காது. முதல் கேள்வியிலிருந்துதான் எண்ணிக்கை இறங்கும், திரும்பக் கேட்பதால் நீளாது. `+short` போடாமல் முழுப் பதிலையும் பார்த்தால், எஸ்ஓஏ வரியில் எத்தனை நொடி மீதி என்பது குறைந்துகொண்டே வருவது தெரியும். அவசரமாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ரிசால்வரை விட்டுவிட்டு நேரே டொமைனின் நேம்சர்வரிடம் கேட்கலாம். அங்கே கேட்பதால் எந்த ரிசால்வரிலும் எதுவும் பதியாது:

```
dig @ns1.example.net mail.example.net
```

ஈசூன் மாணவன் | 13 மே, இரவு 10:05

கோப்பி அண்ணன் சொன்னது பாதி பலித்துவிட்டது. நண்பன் ஒருவனின் மன்றத்து முகவரிக்கு அனுப்பினேன். உடனே திரும்பிவிட்டது, வரிசையில்கூட நிற்கவில்லை. பதில் `554 5.7.1`, என் ஐபி முகவரி தடுக்கப்பட்டது என்று. இந்தத் தடவை முதலில் எண்ணைத்தான் பார்த்தேன். 5. அதனால் தள்ளவில்லை.

நள்ளிரவுக் காவல் | 14 மே, அதிகாலை 1:15

அது நீங்கள் ஏதோ செய்ததற்கான தண்டனை இல்லை. வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கும் ஐபி வரிசைகளையே தனிப் பட்டியலாக வைத்திருக்கிறார்கள், ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் அப்படிப்பட்ட ஒன்று. அங்கிருந்து யாரும் நேரடியாக மெயில் அனுப்பக் கூடாது என்பது கொள்கை. ஐபி-யிலிருந்து பெயருக்குத் திரும்பும் பிடிஆர் பதிவையும் வீட்டு இணைப்பில் நீங்களாகப் போட முடியாது. இதில் எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒன்றும் மாறாது. போகும் மெயிலை மட்டும் நிலையான முகவரி உள்ள வேறொரு சர்வர் வழியாக விடுங்கள், `relayhost` அதற்குத்தான். வரும் மெயில் லேப்டாப்புக்கே வரட்டும்.

இன்னொன்று. லேப்டாப்பை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருக்கிறீர்கள் என்றால் டச்பேடைத் தடவிப் பாருங்கள். மேலே தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்புகிறது, உடனே கழற்றிவிடுங்கள்.

ஈசூன் மாணவன் | 14 மே, மாலை 6:30

டச்பேட் சமமாகத்தான் இருக்கிறது, நன்றி. இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மதியம் ஈசூன் பக்கம் நல்ல இடி, மழை. நான் வகுப்பில். வீட்டில் பாட்டி மட்டும். இடி இடித்தால் அவர் வீட்டில் இருக்கும் பிளக் அத்தனையையும் பிடுங்கிவிடுவார், எப்போதும் அப்படித்தான். தொலைக்காட்சி, சாதக் குக்கர், சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி, ரௌட்டர், லேப்டாப் சார்ஜர். தூசி விழும் என்று லேப்டாப்பையும் மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டிருக்கிறார்.

4:20-க்கு வீட்டுக்கு வந்தேன். துண்டைப் பார்த்ததும் நெஞ்சு பகீரென்றது. எல்லாவற்றையும் செருகி, மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப். "அம்மா கடிதத்துக்குப் பதில் போட்டேனே, வந்ததா?"

வரவில்லை. 2:41-க்கு அனுப்பியிருக்கிறார். அப்போது என் சர்வர் துண்டுக்குக் கீழே. பாட்டிக்கு வந்த முதல் பதில், தொலைந்துவிட்டது என்றே நினைத்தேன். கேட்டால் பாட்டி வருத்தப்படுவாரே என்று அவரிடம் சொல்லவும் இல்லை. மாமாவிடம் "உங்கள் பக்கம் `postqueue -f` கொடுங்களேன்" என்று கேட்டேன். "விடுடா, அது வரும்" என்று எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

5:09-க்கு வந்தது.

ஈசூன் மாணவன் | 14 மே, இரவு 9:45

மாமா அவருடைய பதிவை அனுப்பியிருக்கிறார். அதில் இருந்த இந்திய நேரத்தைச் சிங்கப்பூர் நேரமாக மாற்றி எழுதிக்கொண்டேன். அவருடைய சர்வர் என் வீட்டுக் கதவைத் தட்டிய நேரங்கள்: 2:41, 2:49, 2:59, 3:19, 3:59, 5:09.

இதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 8 நிமிடம் கழித்து, பிறகு 10, பிறகு 20, பிறகு 40, பிறகு 70. ஒவ்வொரு தடவையும் முன்பைவிட அதிக நேரம் விட்டுத்தான் வந்திருக்கிறது. மெயில் வரிசையில் எவ்வளவு நேரம் இருந்ததோ ஏறக்குறைய அதே அளவு இன்னும் காத்திருந்து மறுபடி வருகிறது, 4000 நொடி வரை. அதற்குமேல் இடைவெளி வளராது. இப்படியே 5 நாள் வரும். அதற்கும் பிறகுதான் முடியவில்லை என்று மாமாவுக்குத் திரும்பக் கொடுக்கும்.

சனிக்கிழமை நான் மாமாவின் கதவில் நின்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினேன். இன்று பாட்டி என் கதவை மூடிவிட்டார், மாமாவின் சர்வர் ஐந்து தடவை வந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. யாரும் அதை ஏவவில்லை.

கோப்பி ஓ கோசோங் | 14 மே, இரவு 10:20

அந்த மெயிலின் தலைப்பு வரிகளைப் போடுங்கள் தம்பி.

ஈசூன் மாணவன் | 14 மே, இரவு 10:31

```
Received: from mx.example.org by mail.example.net;
  Wed, 14 May 2025 17:09:22 +0800
Received: from localhost by mx.example.org;
  Wed, 14 May 2025 12:11:05 +0530
```

கோப்பி ஓ கோசோங் | 14 மே, இரவு 10:44

12:11-க்குக் கிளம்பி 17:09-க்கு வந்திருக்கிறது. 5 மணி நேரம்! இடி 2 மணிக்குமேல்தானே? அப்படியானால் அதற்கு முன்பே உங்கள் சர்வர் படுத்துக் கிடந்திருக்கிறது.

ஈசூன் மாணவன் | 14 மே, இரவு 10:58

இல்லை அண்ணே, ஓரத்தில் இருக்கும் +0530, +0800 இரண்டையும் பாருங்கள். கோயம்புத்தூரில் 12:11 என்றால் இங்கே 2:41. தாமதம் 2 மணி 28 நிமிடம்தான். அதிலும் நான் 4:20-க்கு எல்லாவற்றையும் செருகிவிட்டேன். கடைசி 49 நிமிடம் இரண்டு சர்வரும் நன்றாகவே இருந்தன, அடுத்த முறை தட்டுவதற்கு நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

நள்ளிரவுக் காவல் | 15 மே, அதிகாலை 12:30

சரியாகப் படித்திருக்கிறீர்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்காமல் இருக்க `/etc/systemd/logind.conf` கோப்பில் இந்த ஒரு வரி போதும், பிறகு ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்:

```
HandleLidSwitch=ignore
```

பிளக்கைப் பிடுங்குவதற்கு வரி கிடையாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் பேட்டரி இல்லையே. சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கலாம்.

ஓய்வுபெற்ற கிராணி | 15 மே, காலை 7:50

பாட்டியைத் தடுக்காதீர்கள். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் இடிக்குப் பிறகு ரௌட்டர் போயிற்று. கடிதம் என்ன எழுதியிருந்தது, சொல்லலாமென்றால் சொல்லுங்கள்.

ஈசூன் மாணவன் | 18 மே, மாலை 3:15

மூடிக்கு அந்த வரியைப் போட்டுவிட்டேன். யூபிஎஸ் வாங்கவில்லை. `relayhost`-க்கு யாரிடம் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சந்தாவா, மாமாவின் சர்வர் வழியாகவா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாமா வழியாக விட்டால் என் தவறுக்கு அவருடைய முகவரி கெட்டுப்போகுமே என்று பயமாக இருக்கிறது. அதனால் இப்போதைக்கு மாமாவுக்கு மட்டும் எழுதுகிறோம்.

ஐயா கேட்டதற்கு. கொல்லையில் இருக்கும் முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்துவிட்டதாம், அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கிறதாம். பாட்டி கல்யாணமாகி வந்த வருடம் நட்ட மரம். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பதில் எழுத வேண்டும் என்றார். லேப்டாப்பை எடுத்தேன். "இப்ப வேண்டாம், யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி நான்கு நாள் ஆகிறது. நான் கேட்கவில்லை.

இப்போது மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. பாட்டி எழுந்து ஃபைபர் பெட்டி பக்கம் போகிறார். இத்துடன் நிறுத்துகிறேன், இணைப்பு போய்விடும்.